ஏர்கோன் ஆபீஸ்ல கண் எரிச்சல்: டிராப்ஸ் என்ன செய்யும், இமைக்கிறது என்ன செய்யும்

கேள்வி: பாயான் லெப்பாஸ்ல வேலை, ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ரெண்டு மானிட்டர், தலைக்கு நேர் மேல ஏர்கோன். காலைல நல்லாதான் இருக்கு, மத்தியானம் ஆனா கண்ணு எரியுது, உறுத்துது, சில நேரம் தண்ணியா ஊத்துது. ஃபார்மசில வாங்கின டிராப்ஸ் விட்டா பத்து நிமிஷம் சுகம், அப்புறம் பழையபடிதான். கூட வேலை செய்ற அக்கா "டிராப்ஸ்லாம் வேணாம், அடிக்கடி கண்ண இமைச்சாலே போதும்"ங்கறாங்க. யார் சொல்றத கேக்கறது? டிராப்ஸ் பழக்கமாயிடுமா?

பதில்:

அந்த அக்கா சொல்றதுல பாதி சரிங்க, நீங்க செய்றதும் பாதி சரி. டிராப்ஸும் இமைக்கிறதும் ஒரே வேலைய செய்றதில்ல, அதனால ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணுன்னு மாத்திக்க முடியாது. டிராப்ஸ் தண்ணிய சேக்குது, இமைக்கிறது எண்ணெய வெளிய கொண்டாந்து பரப்புது. உங்களுக்கு எது கம்மின்னு தெரிஞ்சாத்தான் எதுல மெனக்கெடறதுன்னு முடிவு பண்ண முடியும். நான் பட்டர்வொர்த்ல கண்ணாடிக் கடையில ஆப்டோமெட்ரிஸ்டா இருக்கேன், கண் டாக்டர் இல்ல, உங்க கண்ண நேர்ல பாக்கவும் இல்ல. ஆனா "காலைல நல்லாருக்கு, மத்தியானம் எரியுது"ன்னு நீங்க எழுதினது பெரிய துப்பு. தூங்கி எழும்போதே ஒட்டிக்கிட்டு உறுத்துதுன்னா இமை ஓரத்துல அழற்சி இருக்கா, தூக்கத்துல கண்ணு சரியா மூடாம இருக்கான்னு யோசிப்போம், அரிப்புதான் ஜாஸ்தின்னா அலர்ஜி பக்கம் போவோம். நாள் ஏற ஏற மோசமாவறது, அதுவும் ஆபீஸ்ல மட்டும்னா, கண்ணீர் சீக்கிரம் ஆவியாகற வகையாத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கண்ணு மேல எப்பவும் ஒரு மெல்லிசு படலமா கண்ணீர் இருக்கு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமா பிரிச்சா அதுல ஒரு மூணு பங்கு கனம்தான். அடியில கொழகொழப்பா ஒண்ணு, அது தண்ணிய கருவிழி மேல பிடிச்சு வைக்குது, நடுவுல தண்ணி, மேல ரொம்ப ரொம்ப மெல்லிசா எண்ணெய். மீன் குழம்பு மேல எண்ணெய் மிதந்தா சூடு ஆறாம இருக்கும்ல, அந்த மாதிரி இந்த எண்ணெய்தான் கீழ இருக்கற தண்ணிய ஆவியாக விடாம காக்குது. இது எங்கேருந்து வருதுன்னா, இமைக்குள்ள வரிசையா நட்டு வெச்சாப்ல மெய்போமியன் சுரப்பிங்க இருக்கு, மேல் இமையில கிட்டத்தட்ட 25லேருந்து 40, கீழ் இமையில கொஞ்சம் கம்மி. ஒவ்வொண்ணுக்கும் இமை ஓரத்துல, முடி முளைக்கிற இடத்துக்கு சத்த உள்பக்கம், ஒரு குட்டி வாய் இருக்கு. முழுசா இமைக்கும்போது அந்த அழுத்தத்துல கொஞ்சூண்டு எண்ணெய் வெளிய வரும், இமை திறக்கும்போது அது கண்ணு முழுக்க பரவும். இத எந்த பாட்டிலும் முழுசா செஞ்சு குடுக்காது.

இப்ப ஸ்கிரீன் முன்னாடி என்ன நடக்குதுன்னு பாருங்க. 1993ல ஜப்பான்ல ஆபீஸ்ல வேலை செய்றவங்கள எண்ணிப் பாத்தாங்க. சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 22 தடவை கிட்ட இமைச்சவங்க, புக் படிக்கும்போது 10, ஸ்கிரீன் பாக்கும்போது 7ன்னு எறங்கிட்டாங்க. கண் கொட்டாம பாக்கறதுன்னு சும்மாவா சொல்றோம், கவனம் கூடினா இமைக்கிறது கொறையும், அது மூளையோட ஏற்பாடு. ஆனா எண்ணிக்கைய விட எனக்கு பெரிய தொல்லையா தெரியறது பாதி இமைப்பு. இமை மேலேருந்து எறங்குது, பாதி தூரம் வந்துட்டு கீழ் இமைய தொடாமலேயே திரும்பி ஏறிடுது. நமக்கு இமைச்ச மாதிரிதான் இருக்கும், பக்கத்துல நிக்கறவங்களுக்கும் அப்படித்தான் தெரியும், ஆனா கருவிழியோட கீழ்பாகம் நனையவே இல்ல, சுரப்பி மேல அழுத்தமும் விழல. இப்படி மாசக்கணக்குல போனா எண்ணெய் உள்ளயே தங்கி கெட்டியாயிடும், வாய் அடைச்சுக்கும். அப்புறம் எத்தனை தடவை இமைச்சாலும் வர்றதுக்கு ஒண்ணும் இருக்காது. "இமைச்சாலே போதும்"ங்கறது எங்க சறுக்குதுன்னா இங்கதான்.

ஏர்கோன பத்தி ஒரு விஷயம். வெளிநாட்டு கட்டுரைங்கள்ல காத்து வறண்டு போச்சு, ஹியூமிடிஃபையர் வாங்கி வைன்னு எழுதுவாங்க, அது குளிர் நாட்டுல ஹீட்டர் போட்டு உக்காந்திருக்கவங்களுக்கு. நம்ம பினாங்குல வெளியில ஈரப்பதம் 80 சதவீதம் பக்கத்துல இருக்கு, ஏர்கோன் அத உள்ள கொறைச்சாலும் பாலைவனமா ஆக்கிடறதில்ல. இங்க வேலையிட பாதுகாப்பு இலாகா 2010ல போட்ட உள்ளறைக் காத்து விதியில 23லேருந்து 26 டிகிரி, ஈரப்பதம் 40லேருந்து 70 சதவீதம், காத்தோட்டம் செகண்டுக்கு 0.15லேருந்து 0.50 மீட்டர்னு இருக்கு. நெறைய ஆபீஸ்ல ஈரப்பதம் இந்த எல்லைக்குள்ளதான் இருக்கும், கடைசியா சொன்ன காத்தோட்டம்தான் ஆள கவுக்கறது. மூஞ்சிக்கு நேரா காத்து அடிச்சா கண்ணு மேல இருக்கற ஈரத்த அள்ளிக்கிட்டு போகும். அதனால மேசை மேல குட்டி ஹியூமிடிஃபையர் வாங்கறத விட, அந்த வென்ட்டோட தகட்ட வேற பக்கம் திருப்பச் சொல்லி பில்டிங் ஆளுங்ககிட்ட கேளுங்க, இல்லன்னா நாற்காலிய ரெண்டடி நகத்துங்க. உங்க எடத்துல காத்து நேரா வருதான்னு பாக்க, டிஷ்யூ பேப்பர மெல்லிசா கிழிச்சு கண்ணு உயரத்துல பிடிச்சா போதும், ஆடுச்சுன்னா உங்க கண்ணுலயும் அடிக்குது. கார்லயும் இதே கதைதான், பாலத்துல ஜேம்ல ஒரு மணி நேரம் வென்ட்ட மூஞ்சிக்கு வெச்சுக்கிட்டு உக்காந்துட்டு ஆபீஸ குத்தம் சொல்லக்கூடாது.

தண்ணியா ஊத்துதுன்னீங்க. கண்ணு ஊத்துது அப்புறம் எப்படி வறட்சின்னு கடைக்கு வர்றவங்க அடிக்கடி சண்டைக்கு வருவாங்க. மேல்பரப்பு காஞ்சதும் நரம்பு தூண்டி, கண்ணீர் சுரப்பி ஒரேடியா தண்ணிய தள்ளுது. அந்த தண்ணியில எண்ணெய், கொழகொழப்பு ரெண்டும் சரியான அளவுல இல்ல, அதனால நிக்காது, கன்னத்துல வழிஞ்சு போயிடும், கொஞ்ச நேரத்துல திரும்ப காயும்.

டிராப்ஸ் ஏன் பத்து நிமிஷம்தான் நிக்குதுங்கறதுக்கு கணக்கு ரொம்ப சிம்பிள். கண்ணுல சாதாரணமா இருக்கற கண்ணீர் மொத்தமே 7 மைக்ரோலிட்டர் கிட்ட. பாட்டில்லேருந்து விழற ஒரு சொட்டு 30லேருந்து 50 மைக்ரோலிட்டர். கண்ணால அவ்வளவையும் பிடிச்சு வைக்க முடியாது, பாதிக்கு மேல வெளிய வழியும், மிச்சத்துல நெறைய மூக்குப் பக்கம் இருக்கற ஓட்டை வழியா எறங்கி தொண்டைக்கு போயிடும். தண்ணி மாதிரி இருக்கற டிராப்ஸ் சில நிமிஷம்தான் தங்கும், அது மருந்தோட தப்பும் இல்ல உங்க தப்பும் இல்ல. இதுல வேடிக்கை என்னன்னா, விட்ட உடனே எல்லாரும் படபடன்னு இமைப்பாங்க, அந்த இமைப்புதான் கண்ணீர மூக்குப் பக்கம் பம்ப் பண்ற வேலையும் செய்யுது, விட்ட மருந்த நீங்களே தள்ளி விடறீங்க. கீழ் இமைய மெதுவா இழுத்து பை மாதிரி பண்ணி ஒரே ஒரு சொட்டு விட்டு, இறுக்காம கண்ண மூடி, மூக்கு ஓர மூலைய விரலால லேசா அமுக்கி ஒரு நிமிஷம் சும்மா இருங்க. ரெண்டு சொட்டு விட்டா ரெண்டாவது சொட்டு சட்டைக்குத்தான்.

என்ன டிராப்ஸ்ங்கறதும் முக்கியம். பாட்டில் பின்னாடி இருக்கறத படிங்க. கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ், ஹைப்ரோமெல்லோஸ், சோடியம் ஹையலுரோனேட் இந்த மாதிரி பேர் இருந்தா அது ஈரம் குடுக்கற வகை. கெட்டியா இருந்தா ஜாஸ்தி நேரம் தங்கும், ஆனா பார்வை கொஞ்ச நேரம் மங்கும், அதனால ஜெல் வகைய ராத்திரிக்கு வெச்சுக்கறது நல்லது, எக்செல் பாத்துக்கிட்டு விடறதுக்கு அது ஒத்து வராது. எண்ணெய் கலந்த டிராப்ஸும் வருது, உங்கள மாதிரி ஆவியாகற வகைக்கு அத முயற்சி பண்ணிப் பாக்க நியாயம் இருக்கு, ஆனா எல்லாருக்கும் அதுதான் பெஸ்ட்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது, கடையில பாத்த வரைக்கும் ஒருத்தருக்கு பிடிக்கறது இன்னொருத்தருக்கு எரியுது.

பழக்கமாயிடுமான்னு கேட்டீங்க. ஈரம் குடுக்கற டிராப்ஸுக்கு அடிமையாக மாட்டீங்க, அது விட்டா உங்க கண்ணீர் சுரக்கறது நின்னுடும்ங்கறதெல்லாம் கெடையாது. அந்த பயம் எங்கேருந்து வந்திருக்கும்னா, கண்ணு சிவப்ப போக்கற டிராப்ஸ்னு ஒண்ணு இருக்கு, டெட்ராஹைட்ரோசோலின், நாஃபசோலின்னு லேபிள்ல போட்டிருக்கும். அது ரத்தக்குழாய சுருக்கி வெள்ளையா காட்டும், வேகம் எறங்கினதும் முன்ன விட சிவக்கும், திரும்ப விடுவீங்க, இது நெசமாவே ஒரு சுழல். வறட்சிக்கு அது மருந்தே இல்ல. உங்க பாட்டில் அதுவான்னு முதல்ல பாத்துடுங்க. இன்னொண்ணு ப்ரிசர்வேடிவ். பாட்டில்ல கிருமி வளராம இருக்க பெரும்பாலும் பென்சால்கோனியம் குளோரைடு போடுவாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவைன்னா அனேகம் பேருக்கு பரவால்ல, நாலு தடவைக்கு மேல போச்சுன்னா அதுவே கண்ணு மேல் தோல அரிக்க ஆரம்பிக்கும், எரிச்சலுக்கு விட்ட மருந்தே எரிச்சல் குடுக்கும். அப்படி அடிக்கடி தேவைப்படறவங்க ப்ரிசர்வேடிவ் இல்லாதது வாங்கணும், பிச்சு யூஸ் பண்ற குட்டி டியூபா வரும், வெல கூடத்தான். சாஃப்ட் காண்டாக்ட் லென்ஸ் போடறவங்க இந்த ப்ரிசர்வேடிவ் உள்ள மருந்த லென்ஸ் மேலயே விடக்கூடாது, லென்ஸ் அத உறிஞ்சி வெச்சுக்கும். அப்புறம் சாதா பாட்டில் திறந்து ஒரு மாசம் ஆச்சுன்னா, பாதி இருந்தாலும் தூக்கிப் போடுங்க.

இமைக்கிற பக்கம் வருவோம். "அடிக்கடி இமை"ன்னு சொல்றது சுலபம், வேலைல மூழ்கினதும் மறந்துடும், மறக்கறதுதானே பிரச்சினையே. அதனால எண்ணிக்கைய விட முழுசா இமைக்கிறத பழகுங்கன்னு நான் சொல்வேன். மெதுவா கண்ண மூடுங்க, மேல் இமை கீழ் இமைய தொடறது தெரியணும், ரெண்டு செகண்ட் அப்படியே வைங்க, திறங்க, திரும்ப மூடி ரெண்டு செகண்ட், இப்ப மூடினபடியே லேசா ஒரு இறுக்கு, ரெண்டு செகண்ட், திறங்க. புருவம் சுருங்குதுன்னா ரொம்ப இறுக்கறீங்க. இந்த சுத்த அஞ்சு தடவை செஞ்சா ஒரு நிமிஷம்தான் ஆகும். இத நேரத்தோட கட்டாதீங்க, ஏற்கனவே செய்ற ஒரு வேலையோட கட்டுங்க, ஈமெயில் அனுப்பினதும், ஃபைல் லோட் ஆகற நேரம், போன எடுக்கும்போது. அலாரம் வெச்சவங்க கொஞ்ச நாள்ல அலாரத்த அணைச்சுடறாங்க. கூடவே மானிட்டர எறக்குங்க, மேல் விளிம்பு கண்ணு மட்டத்துல இல்ல அதுக்கு கொஞ்சம் கீழ இருக்கணும். மேல பாத்தா கண்ணு அகலமா திறக்கும், காயற பரப்பு கூடும், கீழ பாத்தா இமையே பாதிய மூடி காக்கும். ஒரு காசு செலவில்லாத வைத்தியம் இது, ஆனா ஜனங்க இத கடைசியாத்தான் செய்றாங்க.

கடைக்கு வந்த ஒருத்தர சொல்றேன், அவங்கள அடையாளம் தெரியாத மாதிரி சிலத மாத்தியிருக்கேன். ஜார்ஜ்டவுன்ல அக்கவுண்ட்ஸ் வேலை, முப்பத்தெட்டு வயசு. ப்ரிசர்வேடிவ் உள்ள டிராப்ஸ ஒரு நாளைக்கு எட்டு தடவை விட்டுக்கிட்டு இருந்தாங்க, சளி அலர்ஜிக்குன்னு ராத்திரி குளோர்ஃபெனிரமின் மாத்திரை வேற, அது கண்ணீரயும் வத்த வைக்கும்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. மஞ்சள் சாயம் தொட்டு வெச்சு நீல வெளிச்சத்துல பாத்தேன், இமைச்சதும் முழுசா பச்சையா பரவற படலம் நாலு செகண்டுல உடைஞ்சு கறுப்பு திட்டு விழுது, பத்து செகண்டுக்கு மேல தாங்கினா நல்லது. கருவிழியோட கீழ் மூணுல ஒரு பங்குல குறுக்கால ஒரு பட்டை மாதிரி புள்ளி புள்ளியா சாயம் ஏறியிருந்துச்சு, பாதி இமைப்போட கைரேகைன்னே சொல்லலாம். கீழ் இமைய அமுக்கினா எண்ணெய் தெளிவா வரல, கலங்கலா கெட்டியா சில வாய்லேருந்து மட்டும் வந்துச்சு. ஆக அவங்களுக்கு டிராப்ஸும் பத்தல, இமைச்சா மட்டும் பத்தாது, அடைப்பு எடுக்கணும்.

ப்ரிசர்வேடிவ் இல்லாததுக்கு மாத்தி, நாலே தடவை, எரிஞ்ச பிறகு விடாம எரியறதுக்கு முன்னாடியேன்னு சொன்னேன், வேலை ஆரம்பிக்கும்போது, பதினொன்றரைக்கு, மூணு மணிக்கு, கார் எடுக்கறதுக்கு முன்னாடி. ராத்திரி பத்து நிமிஷம் சூட்டு ஒத்தடம், கண்ணு மூடி, 40 டிகிரி கிட்ட, அதாவது கைமணிக்கட்டுல வெச்சா இதமா இருக்கணும், சுடக்கூடாது. ஈரத்துணி ரெண்டு நிமிஷத்துல ஆறிடும், அதனால திரும்பத் திரும்ப நனைக்கணும், இல்லன்னா சூடு தங்கற மாஸ்க் வாங்கிக்கலாம். ஒத்தடம் முடிஞ்சதும் மேல் இமைய கீழ்நோக்கியும் கீழ் இமைய மேல்நோக்கியும் விரலால லேசா வழிச்சு விடணும். மானிட்டருக்கு அடியில வெச்சிருந்த ரெண்டு பேப்பர் கட்ட எடுத்தாங்க. மாத்திரைய தானா நிறுத்தாம டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்கிட்டாங்க. ஆறு வாரம் கழிச்சு படலம் எட்டு செகண்ட் நின்னுச்சு, அந்த பட்டை கிட்டத்தட்ட மறைஞ்சிருந்துச்சு. மாசக் கடைசி குளோசிங் வந்தா இன்னும் எரியுதுன்னாங்க. இதுல எது வேலை செஞ்சுதுன்னு பிரிச்சு சொல்ல முடியாது, எல்லாத்தயும் ஒண்ணா மாத்தினோம். என் ஊகம், பழைய பாட்டில நிறுத்தினதும் ஒத்தடமும்.

நீங்களும் வீட்ல ஒண்ணு பண்ணிப் பாக்கலாம். தூரத்துல இருக்கற எழுத்த பாத்துக்கிட்டு இமைக்காம இருங்க, எத்தனை செகண்டுல கலங்குது இல்ல குத்துதுன்னு எண்ணுங்க. பத்துக்குள்ள வந்து, இமைச்ச உடனே தெளிவானா கண்ணீர் படலம்தான் காரணமா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. இமைச்சும் தெளியலன்னா பவர செக் பண்ணணும். இது தோராயம்தான், கடையில செய்ற டெஸ்டுக்கு ஈடாகாது.

கொஞ்சம் சந்தேகத்துக்குரிய சமாச்சாரங்க. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்த 20 செகண்ட் பாருங்கற விதி, கண் தசைக்கு ஓய்வு குடுக்கும், கெடுதல் இல்ல, ஆனா அந்த 20 செகண்டும் இமைக்காம ஜன்னல மொறைச்சுக்கிட்டு நின்னா வறட்சிக்கு என்ன லாபம். மீன் எண்ணெய் மாத்திரைய அமெரிக்காவுல 500 பேருக்கு மேல வெச்சு ஒரு வருஷம் சோதிச்சு 2018ல வெளியிட்டாங்க, ஆலிவ் எண்ணெய் மாத்திரைய விட மேலா வேலை செய்யல. நீல வெளிச்சத்த தடுக்கற கண்ணாடி ஸ்கிரீன் களைப்ப கொறைக்கறதா நல்ல ஆதாரம் இல்லன்னு 2023ல ஆராய்ச்சிங்கள ஒண்ணா சேத்து பாத்தவங்க சொல்லிட்டாங்க. எங்க தொழில்லயே அத விக்கறோம், இருந்தாலும் வறட்சிக்குன்னு கேட்டு வந்தா நான் வேணாம்னுதான் சொல்வேன்.

உங்களுக்கு நான் சொல்ற வரிசை, முதல்ல பாட்டில் லேபிள், அப்புறம் வென்ட்டும் மானிட்டரும், அதோட முழு இமைப்பு, ராத்திரி ஒத்தடம், டிராப்ஸ் நாலு தடவைக்குள்ள. ஒரு மாசம் ஒழுங்கா செஞ்சும் மாறலன்னா, பதிவு பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் இருக்கற கடையா பாத்து போய் "கண்ணீர் படலத்த டெஸ்ட் பண்ணுங்க"ன்னு கேளுங்க, வெறும் பவர் மட்டும் பாத்துட்டு அனுப்பிடப் போறாங்க. வாயும் காஞ்சு போகுது, மூட்டும் வலிக்குதுன்னா அது ஏர்கோன் விவகாரம் இல்ல, ஷோக்ரென்ஸ்னு ஒரு நோய் இருக்கு, ரத்தப் பரிசோதனை வேணும், கிளினிக் கெசிஹாத்தான்ல சொல்லி பெரியாஸ்பத்திரிக்கு லெட்டர் வாங்கிக்கோங்க. ஒரு கண்ணுல மட்டும் நல்லா சிவந்து வலி, வெளிச்சம் பாக்க முடியல, பார்வை கொறையுது, லென்ஸ் போட்டு வலி, இதுல எது இருந்தாலும் அன்னிக்கே போகணும், டிராப்ஸ் விட்டு பாப்போம்னு உக்காராதீங்க. யாராவது மிச்சம் வெச்ச ஸ்டீராய்டு டிராப்ஸ குடுத்தா வாங்காதீங்க, சிவப்பு சட்டுனு எறங்கும், ஆனா கண் அழுத்தம் ஏறினா வலியே இல்லாம நரம்ப தின்னுடும், அது டாக்டர் பாத்து குடுத்து டாக்டரே நிறுத்த வேண்டிய மருந்து. பாட்டில்ல என்ன பேர் போட்டிருக்குன்னு கீழ எழுதுங்க, நேரம் கெடச்சா பாத்து சொல்றேன்.